டீ குடித்தால் சாப்பிட்டதாகக் கணக்கா?

ரத்தப் பரிசோதனைக்கு முன் தண்ணீர் குடிக்கலாமா? (பகோ)

தாராளமாக. வெறும் தண்ணீர் எந்த எண்ணையும் மாற்றாது. தாகத்தோடு வந்தால் நரம்பு கிடைக்காமல் நாங்கள்தான் நாலு இடத்தில் குத்துவோம்.

டீக்கடையில் இனாமாக வைக்கும் யேநுவேஜான் வெந்நீர்தானே? (யாங்கோன்)

பெயரில்தான் வெந்நீர், கெண்டியில் இருப்பது தேயிலை. சர்க்கரையும் பாலும் இல்லாததால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதிலுள்ள காஃபீன் சிலருக்கு, அதுவும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றிவிடும். கறுப்புக் காபியும் அப்படியே. தெரியாமல் குடித்துவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறு மணிக்கு ஒரே ஒரு பால் டீ, ஒரு இச்சாகுவே. ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்தேன். கெட்ட கொழுப்பு 120தான். நல்ல செய்திதானே? (மோல்மேன்)

இல்லை. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பீர்கள். டீ சாப்பாடா என்று எதிர்க்கேள்வி வேறு. நம் ஊர் டீயில் டின்பால் ரெண்டு கரண்டி விழுகிறது. டின்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இச்சாகுவே எண்ணெயில் பொரித்தது. இதெல்லாம் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற வேறொரு கொழுப்பாக ஏறி, மூன்று நான்கு மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நேரத்தில் வந்து கை நீட்டியிருக்கிறீர்கள்.

பல ஆய்வகங்களில் கெட்ட கொழுப்பை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். உங்கள் தாளில் மொத்தம் 210, நல்லது 40, ட்ரைகிளிசரைடு 250. ஆக 210லிருந்து 40ம் 50ம் போக 120. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து, ட்ரைகிளிசரைடு 150 என்று வந்திருந்தால்? கழிவது 30தான், மற்ற இரண்டும் அவ்வளவாக மாறாது. அப்போது கெட்ட கொழுப்பு 140. டீ குடித்ததால் எண் குறைந்து தெரிகிறது, கொழுப்பு குறையவில்லை. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. நேரடியாக அளக்கும் ஆய்வகம் என்றால் இந்தக் குழப்பம் இல்லை, கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பட்டினியோடு மறுபடி கொடுங்கள்.

காபி மிக்ஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் எடுத்த சர்க்கரை 132. எனக்குச் சர்க்கரை வியாதியா? (தாட்டோன்)

அந்தத் தாளை வைத்து யாரும் சொல்ல முடியாது. 126 என்ற கோடு வெறும் வயிற்றுக்கு. அந்தப் பொட்டலத்தில் பெரும்பங்கு சர்க்கரை, ஒரு மணி நேரம் என்பது அது ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரம். எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து மறுபடி பாருங்கள். அப்போதும் 126க்கு மேல் என்றால் டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரலாமா? (யாங்கோன்)

டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, பையில் கொண்டுவாருங்கள். முதலில் ரத்தம், அப்புறம் சாப்பாடு, அதோடு மாத்திரை.