பில் பணத்தில் வங்கிக் கட்டணம் பிடித்தால் பாக்கியைக் கேட்பது எப்படி? வாசகர் கேள்விகள்

குன்னூரில் தேயிலை பாக்கிங் செய்து விற்கிறேன். மதுரை மொத்த வியாபாரி ஒருவர் 1,86,400 ரூபாய் பில்லுக்கு 590 ரூபாயை ‘பேங்க் சார்ஜ்’ என்று பிடித்துக்கொண்டு 1,85,810 அனுப்பியிருக்கிறார். நெஃப்டில்தான் வந்தது. பல வருடப் பழக்கம். மனம் நோகாமல் கேட்பது எப்படி?

கேட்பதற்கு முன் அந்த 590 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாயும் சேர்ந்தால் 590. யாரோ ஒரு முழு எண்ணைக் கட்டணமாக வைத்து வரியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. நெஃப்டில் அப்படி ஒரு கட்டணம் கிடையாது. 1 லட்சத்துக்கு மேல் 2 லட்சம் வரை அனுப்பினால், அனுப்புகிறவரிடம் வங்கி அதிகபட்சம் 15 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மொத்தம் 17 ரூபாய் 70 காசு. 2 லட்சத்தைத் தாண்டினாலும் 25 ரூபாயும் வரியும்தான். பணம் வந்து சேரும் கணக்கில் நெஃப்டுக்கும் ஆர்டிஜிஎஸுக்கும் எதுவும் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த 17.70 கூட அனுப்புகிறவரின் செலவு. பில்லில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய உங்கள் தலையில் அதை வைக்க முடியாது.

பிடித்தது டிடிஎஸ் ஆகவும் இருக்கலாம். கணக்குப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிடுவது உண்டு. பெரிய வியாபாரி ஒருவர் ஒரே ஆளிடம் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால் 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். 1,86,400-க்கு அது 186 ரூபாய் சொச்சம்தான் வரும், 590 வராது. சந்தேகமிருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் அப்படி ஒரு வரவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் அது உங்கள் பணம்தான், பாக்கி அல்ல.

இனி கேட்கும் விதம். போனில் முதலாளியிடம் போகாதீர்கள். முதலாளிக்குப் பெரும்பாலும் இந்தப் பிடித்தமே தெரிந்திருக்காது; கேட்டால் சங்கடப்படுவார், அந்தச் சங்கடம் உங்கள் மேல் திரும்பும். அவர்கள் கணக்குப் பிரிவுக்குப் பில் நகலையும் பணம் வந்த விவரத்தையும் சேர்த்து எழுதுங்கள்:

> ஐயா, வணக்கம். பில் எண் 214, தொகை ரூ. 1,86,400. நீங்கள் அனுப்பியதில் ரூ. 1,85,810 எங்கள் கணக்கில் வரவாகியுள்ளது. நன்றி. மீதி ரூ. 590 வங்கிக் கட்டணமாகப் பிடிக்கப்பட்டதாகத் தெரிகிறது. எங்கள் வங்கி எதுவும் பிடிக்கவில்லை. வரவுப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளோம். உங்கள் வங்கி இந்தத் தொகையைப் பிடித்திருந்தால் அந்த விவரத்தை அனுப்ப வேண்டுகிறோம். இல்லையெனில் ரூ. 590-ஐ அடுத்த பில் பணத்தோடு சேர்த்து, ‘பில் 214 பாக்கி’ என்று குறிப்பிட்டு அனுப்பவும். வந்த தொகையைப் பில் 214-க்கான பகுதிப் பணமாக வரவு வைத்துள்ளோம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, முழுக் கடனும் தீர்ந்ததாக ஒப்புக்கொண்டு குறைந்த தொகையை வாங்கிக்கொண்டால் மீதிக் கடன் அதோடு போய்விடும். அந்தப் பிரிவின் உதாரணத்திலேயே 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 வாங்கிக் கணக்கு முடிந்த கதை இருக்கிறது. ஆகவே அவர்கள் ‘முழுப் பணம் செலுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தால், பேசாமல் இருந்துவிடாமல் ‘பகுதிப் பணம்’ என்று உடனே பதில் எழுதி வையுங்கள்.

கோத்தகிரியில் தைலம் காய்ச்சி ஏற்றுமதி செய்கிறோம். ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு 4,850 டாலர் பில். வந்தது 4,812. ‘நான் முழுசாக அனுப்பினேன்’ என்கிறார். 38 டாலர் எங்கே போனது? அவரிடம் கேட்கலாமா?

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஜெர்மனியிலிருந்து டாலர் நேராகக் கோத்தகிரிக்கு வராது. அவர் வங்கியிலிருந்து அமெரிக்காவில் உள்ள இடைவங்கி ஒன்றுக்குப் போய், சில சமயம் இன்னொன்றையும் தொட்டு, பிறகுதான் உங்கள் வங்கிக்கு வரும். வழியில் உள்ளவர்கள் பணத்திலிருந்தே தங்கள் கூலியை எடுத்துக்கொள்வார்கள். யார் எடுத்தார்கள் என்பது ஸ்விஃப்ட் செய்தியில் இருக்கும். உங்கள் வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் அதன் நகலைக் கேளுங்கள். கவுண்டரில் ‘தெரியாது’ என்றால் எழுத்தில் கேளுங்கள்.

நகல் பழைய MT103 வடிவில் இருந்தால் உங்களுக்கு வேண்டிய வரிகள் இவ்வளவுதான்:

```
:32A:250612USD4812,00
:33B:USD4850,00
:71A:SHA
:71F:USD25,00
:71F:USD13,00
```

33B என்பது அனுப்புகிறவர் தன் வங்கியிடம் அனுப்பச் சொன்ன தொகை. 32A உங்கள் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை. ஒவ்வொரு 71F வரியும் வழியில் ஒரு வங்கி எடுத்தது. 4,850-இலிருந்து 25-உம் 13-உம் போக 4,812, கணக்கு நேராகிறது. ஆக இந்த ஆள் பொய் சொல்லவில்லை, இரண்டு வங்கிகள் எடுத்திருக்கின்றன. 33B-யிலேயே 4,812 என்று இருந்திருந்தால் கதை வேறு: அவரே பிடித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார் என்று பொருள்.

அடுத்து 71A. இதில் SHA என்றால் அவர் வங்கிக் கூலி அவருக்கு, மற்றவை உங்களுக்கு. OUR என்றால் எல்லாம் அவருக்கு. BEN என்றால் எல்லாம் உங்களுக்கு. அப்போது அவர் வங்கியின் கூலியும் பணத்திலிருந்தே போய்விடும். 2025 நவம்பருக்குப் பிறகு வந்த பணமானால் செய்தியின் வடிவம் மாறியிருக்கும். அதில் `ChrgBr` என்ற இடத்தில் SHAR, DEBT, CRED என்று இருக்கும். SHA, OUR, BEN என்ற அதே வரிசைதான். 33B-க்குப் பதில் `InstdAmt`, 32A-க்குப் பதில் `IntrBkSttlmAmt`.

இப்போது கேட்கும் உரிமைக்கு வருவோம். உங்கள் புரோஃபார்மாவிலோ பில்லிலோ ‘இந்தியாவுக்கு வெளியே ஆகும் வங்கிக் கட்டணம் முழுதும் வாங்குபவரைச் சேர்ந்தது’ என்று இருந்தால், அவர் SHA போட்டதே தவறு. அந்த வரியையும் ஸ்விஃப்ட் நகலையும் சேர்த்து அனுப்பி 38 டாலரைக் கேளுங்கள். அப்படி எந்த வரியும் இல்லையென்றால் கோரிக்கையாக மட்டும் கேளுங்கள். பல வங்கிகளின் இணையப் படிவத்தில் SHA முன்கூட்டியே தேர்வாகி இருக்கும், அவர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார். OUR என்று அனுப்பியும் குறைந்து வந்திருந்தால் வாடிக்கையாளரோடு சண்டை வேண்டாம்: வழியில் ஒரு வங்கி எடுக்கக் கூடாததை எடுத்திருக்கிறது. பணத்தின் தடம் எண்ணைக் கொடுத்து, அவர் தன் வங்கியிடம் முறையிடச் சொல்லுங்கள். UETR என்று 36 எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை வைத்து எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்று அவர்களால் பார்க்க முடியும்.

38 டாலரைத் தனியாக அனுப்பச் சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. அதே வழியில் வந்தால் மறுபடியும் 38 போய், கையில் எதுவும் மிஞ்சாது. அடுத்த பில் பணத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், இந்த முறை OUR என்று. ஆனால் அடுத்த பில்லின் தொகையை 38 கூட்டி எழுதிவிடாதீர்கள். சுங்கத்தில் காட்டும் மதிப்பு சரக்கின் மதிப்பாகத்தான் இருக்க வேண்டும். 38 டாலருக்குத் தனியாக ஒரு டெபிட் நோட் போதும். அவர் எழுதும் குறிப்பில் இரண்டு பில் எண்களும் இருக்கட்டும். ‘பேங்க் சார்ஜ் திருப்பம்’ என்று மட்டும் எழுதினால் உங்கள் கிளை அதை எந்த ஷிப்பிங் பில்லோடு இணைப்பது என்று தெரியாமல் நிறுத்திவைக்கும். வந்த ஒரு தொகையைப் பிரித்து இரண்டு ஷிப்பிங் பில்களில் வரவு வைக்க முடியும். அதை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர் தரவே மாட்டேன் என்றால் ஷிப்பிங் பில் 38 டாலருக்காகத் திறந்தே கிடக்குமோ என்று அஞ்ச வேண்டாம். 10 லட்சம் ரூபாய் வரையிலான பில்களை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியின் பேரில் முடித்துவைக்கலாம் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. உங்களுடையது அதற்குள் அடங்கும்.

ரூபாயாக மாற்றும்போது உங்கள் வங்கி எடுக்கும் கட்டணத்தை இந்த 38-உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். SHA-வில் அது உங்கள் செலவு.

கொடைக்கானலில் சாக்லேட் செய்கிறோம். 12,000 ரூபாய் ஆர்டருக்கு ஆன்லைனில் கார்டில் கட்டினார்கள். கணக்கில் 11,716.80 மட்டும் வந்தது. மீதியைக் கேட்கலாமா?

கேட்காதீர்கள். அவர் 12,000-ஐயும் கட்டிவிட்டார். 283.20 என்பது 240 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும். அதாவது 2 சதவீதம் உங்கள் பேமென்ட் கேட்வே எடுத்துக்கொண்ட கூலி. அவர்கள் தளத்தில் செட்டில்மென்ட் அறிக்கையைத் திறந்தால் வரி வரியாக இருக்கும்.

தாண்டிக்குடி காபி. எல்சி மூலம் வந்த பணத்தில் வெளிநாட்டு வங்கி பிடித்தது போக மீதிதான் கிடைத்தது. வாங்கியவரிடம் கேட்கிறோம், மறுக்கிறார்.

எல்சியில் 71D என்ற இடத்தைப் படியுங்கள். எல்சி திறந்த நாட்டுக்கு வெளியே ஆகும் கட்டணங்கள் உங்களுடையவை என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதை ஏற்றுக்கொண்டுதானே சரக்கை அனுப்பினீர்கள். ஆவணத்தில் பிழை என்று தனியாகப் பிடித்திருந்தால் அது வாங்கியவரின் கட்டணமும் அல்ல, உங்கள் ஆவணத்தின் விலை. எல்சி வந்த அன்றே 71D-யைத் திருத்தச் சொல்லிக் கேட்பதுதான் வழி. பணம் வந்த பிறகு கேட்பது வேண்டுகோள் மட்டும்தான்.

கூடலூரில் மிளகு வியாபாரம். பிடித்த 900 ரூபாய்க்கு ‘கிரெடிட் நோட் போட்டுக் கொடுங்கள், கணக்கு நேராகிவிடும்’ என்கிறார் வாங்கியவர். போடலாமா?

ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போடக் கூடாது. விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால், சரக்கு திரும்பியிருந்தால், குறைபாடு இருந்தால்தான் சட்டத்தின் 34-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வங்கிக் கட்டணத்தை அவர் பிடித்ததால் மிளகின் விலை குறைந்துவிடவில்லை. விட்டுக்கொடுப்பதென்று முடிவு செய்தால் உங்கள் புத்தகத்தில் செலவாக எழுதுங்கள். விற்பனைக்கான ஜிஎஸ்டி அப்படியே இருக்கும்.

ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்படி எழுதிவிடாதீர்கள். டாலியில் ரசீது போடும்போது பில்லை நேராக்குவதற்காக மீதி 900-ஐ ‘பேங்க் சார்ஜஸ்’ என்று தள்ளிவிடுவது பல அலுவலகங்களில் கைப்பழக்கம். பிறகு வாங்கியவருக்கு அனுப்பும் கணக்கு அறிக்கையில் பாக்கி பூஜ்யம் என்று வரும். உங்கள் கையெழுத்தோடு பூஜ்யம் என்று போன பிறகு 900 எப்படிக் கேட்பீர்கள்? வந்த தொகையை மட்டும் பில் எண்ணுக்கு எதிராக வரவு வையுங்கள். 900 அந்தப் பில்லின் பெயரிலேயே நிற்கட்டும்.