கண்ணுக்குக் கீழ் கருமை: எவ்வளவு அம்மா கொடுத்தது, எவ்வளவு நாமே சேர்த்தது?

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. ஸ்கூல் படிக்கும்போதே கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் கருப்பாகத்தான் இருக்கும், அம்மாவுக்கும் அப்படியே. இரண்டு வருஷமாக ரொம்ப அதிகமாகிவிட்டது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும் தும்மலும் கண் அரிப்பும் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கிரீம் போட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். எந்த கிரீம் வாங்கலாம்?

பதில்:

புதுக் கிரீம் வாங்குவதற்கு முன், இப்போது போடுகிற கிரீமின் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டால் குறைந்து, விட்டால் திரும்புகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமி உருவாவதையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால் ஒரு வாரத்திலேயே பளிச்சென்று தெரியும். ஆனால் கண்ணுக்குக் கீழே உள்ள தோல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான், உடம்பிலேயே மெல்லிய தோல் அது. மாதக் கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் இன்னும் மெலிந்து, அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். எதற்காகப் போட்டோமோ அதுவே அதிகமாகும். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் அபாயமும் உண்டு. இந்த வகைக் கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. கடைகளில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சில மாதங்களாகப் போட்டு வந்திருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தாமல் ஒரு தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று சொல்வார். கண் மருத்துவரிடம் ஒருமுறை கண் அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கருமை எதனால் ஆனது என்று பார்ப்போம். இது வீட்டிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு கைக்கண்ணாடியில் பாருங்கள். டியூப்லைட் தலைக்கு மேல் இருக்கும் பாத்ரூம் கண்ணாடியில் பார்க்க வேண்டாம், அந்த வெளிச்சத்தில் யாருக்கும் கண்ணுக்குக் கீழே இருட்டாகத்தான் தெரியும். இப்போது முகவாயைத் தூக்கி, வெளிச்சம் நேராகக் கண்ணுக்குக் கீழே விழும்படி செய்யுங்கள். கருமையில் ஒரு பகுதி காணாமல் போனால் அது நிறமே இல்லை, நிழல். கண்ணோரத்திலிருந்து கன்னம் நோக்கி இறங்கும் பள்ளமோ, கீழிமை உப்பலோ விழவைக்கும் நிழல் அது.

பிறகு கன்னத்தில் விரலை வைத்து, கீழிமைத் தோலை லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே தோலோடு சேர்ந்து விரிந்தால் அது நிறமி. இழுத்ததும் நீலம் அல்லது ஊதாச் சாயல் தூக்கலாகத் தெரிந்தால் அது ரத்தக் குழாய். தோல் விரிந்து மெலியும்போது அடியில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் நிறமிக்கான கிரீம் நிழலை ஒன்றும் செய்யாது.

தூக்கமின்மையைத் தனியாகப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு வாரம், தினமும் காலையில் ஒரே நேரத்தில், அதே ஜன்னல் முன்னால் நின்று ஃபோனில் ஒரு போட்டோ எடுங்கள். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். சோர்வினால் வரும் கருமை நாளுக்கு நாள் மாறும். ஷிப்மென்ட் நெருக்கடியில் விழித்திருந்த மறுநாள் கூடி, ஞாயிற்றுக்கிழமை குறையும். தூக்கம் கெட்டால் முகம் வெளிறும், கீழிமையில் நீர் தங்கி உப்பும், இரண்டும் சேர்ந்து இருட்டைக் காட்டும். ஆனால் பழுப்பு நிறமி ஒரே இரவில் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பதினான்கு போட்டோவும் ஒன்றுபோலவே இருந்தால் தூக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் எட்டு மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ரத்தசோகையும் இந்தச் சோர்வுக் கணக்கில்தான் வரும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மருந்தால் அது சரியானால் முகத்தின் வெளிறல் போகும், ஊதாச் சாயல் குறையும். பழுப்பு அப்படியேதான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் கருவளையம் போகவில்லை என்று வருபவர்கள் நிறைய.

இனி அம்மா விஷயம். பரம்பரை என்றால் பலர் நிறம் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். கண் குழியின் ஆழம், தோலின் மெல்லிய தன்மை, நிறமி மூன்றுமே குடும்பத்தில் வரும். பள்ளிப் பருவத்திலேயே ஆரம்பித்து, இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, மேலிமையிலும் சேர்ந்து இருந்தால் பரம்பரை நிறமி என்று சொல்லிவிடலாம். பலருக்கு இந்த நிறமியில் ஒரு பகுதி தோலின் கீழடுக்கில் இருக்கும். மேலே தடவுகிற கிரீம் அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆகவே உங்கள் இலக்கு கன்னத்தின் நிறம் அல்ல, காலேஜ் முதல் வருஷத்தில் உங்கள் கண் எப்படி இருந்ததோ அதுதான். அந்தக் காலப் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மால் ஏதாவது செய்ய முடிகிற பகுதி, அந்தப் போட்டோவுக்கும் இன்றைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். இரண்டு வருஷத்தில் கூடியதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: காலைத் தும்மலும் கண் அரிப்பும். ஒவ்வாமையில் மூக்கு அடைத்தால் கண்ணுக்குக் கீழே ரத்தம் தேங்கி ஊதாவாகத் தெரியும். அரிக்கிறதே என்று கண்ணைத் தேய்க்கத் தேய்க்க, நம் நிறத் தோல் அந்த உராய்வுக்குப் பழுப்பு நிறமியைக் கொட்டும். ஒரே ஒவ்வாமை இரண்டு விதமாகக் கருப்பாக்குகிறது. கண்ணை எப்படித் தேய்க்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள், பாதி நேரம் நமக்கே தெரியாது. இரவு மையை அழிக்கிற தேய்ப்பும் இதில் சேரும். ஒரு துளி தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, அரை நிமிடம் ஒற்றி வைத்து, அப்புறம் துடைத்தால் மை தானாக வரும். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அரிப்புக்கு ஒவ்வாமை மாத்திரையோ சொட்டு மருந்தோ டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அரிக்கும்போது ஈரத்துணியைக் கண்மேல் வையுங்கள். அரிப்பு அடங்காமல் எந்தக் கிரீமும் நிற்காது, ஒரு பக்கம் குறைக்கக் குறைக்க மறுபக்கம் தேய்ப்பு சேர்த்துக்கொண்டே இருக்கும்.

சரி, கிரீம். பகலில் துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்; தோல் நிறம் கலந்த வகை என்றால் இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலிருந்தும் காக்கும். இது இல்லாமல் மற்றது எதுவும் வீண். இரவில் 4 முதல் 5 சதவீத நியாசினமைடு உள்ள ஒரே ஒரு கிரீம். வாங்கியதும் முதல் மூன்று நாள் முழங்கையின் உட்பக்கம் தடவிப் பார்த்து, எரிச்சல் இல்லையென்றால் கண்ணுக்குப் போடுங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். விரலுக்கு எலும்பு தட்டுப்படுகிற இடம் வரை தடவினால் சரி, இமை முடிக்கு அருகே வேண்டாம், கிரீம் தானாகவே கொஞ்சம் பரவும். ரெட்டினால் இந்த நான்கு மாதத்தில் உங்களுக்கு வேண்டாம். மெல்லிய தோலில் எரிச்சல் வந்தால் அந்த எரிச்சலே கருமையாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்குத் திட்டமிடும் காலத்திலும் அதைத் தவிர்ப்பதே வழக்கம். காஃபின் கலந்த ரோல்-ஆன் உப்பலைச் சில மணி நேரம் குறைக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெள்ளரித் துண்டு செய்வதும் குளிர்ச்சியின் வேலைதான். எலுமிச்சைச் சாறு மட்டும் கண் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

எப்போது தெரியும்? முதல் மாதம் ஒன்றும் தெரியாது. ஸ்டீராய்டை நிறுத்தினால் நடுவில் கொஞ்சம் கூடினதுபோலவும் தோன்றலாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில், புதிதாகச் சேர்ந்த பழுப்பு ஓரிரு படி இறங்கினால் கிரீம் தன் வேலையைச் செய்துவிட்டது. பன்னிரண்டு வாரப் போட்டோவை முதல் நாள் போட்டோவோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் அடுத்த கிரீமுக்குத் தாவாதீர்கள். மீதி இருப்பது நிழலும் பரம்பரையும்தான். நிழலுக்கு, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி உண்டு, ஆனால் கண்ணருகே ஊசி ரத்தக் குழாயில் ஏறினால் பார்வையே போகிற அபாயம் அரிதாக இருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவரிடம், நிதானமாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பார்லரில் பீல், லேசர் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் நிறத்தில் அது தப்பாகப் போனால் முன்பைவிடக் கருத்து, தெளிய மாதங்கள் ஆகும்.

கழுத்தின் பின்பக்கமும் சேர்ந்து கருத்துத் தடித்திருந்தால் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் புதிதாகக் கருமையோ வீக்கமோ வந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கல்யாண மேக்கப்புக்கு ஒரு விஷயம். கண்ணுக்குக் கீழே நேரடியாக வெளிர் நிறக் கன்சீலர் பூசினால் சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிடும். முதலில் மெல்லிசாக ஆரஞ்சுச் சாயல் கரெக்டர், அதன்மேல் உங்கள் தோல் நிறக் கன்சீலர் என்று மேக்கப் போடுபவரிடம் சொல்லி, இரண்டு வாரம் முன்பே ஒருமுறை போட்டுப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் பாருங்கள். அந்த மேக்கப் உங்கள் கண்ணுக்கு அரிப்பு தருகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.