கை எங்கே பட்டது? விற்பனைத் தலைப்புகள் பற்றிய கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஆன்லைனில் பொருளை ஏற்றும்போது ‘கையால் செய்தது’ என்று எந்த அளவுக்கு எழுதலாம்? வடசேரி நகை பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும்.

வடசேரியில் இருந்து கெம்புக்கல் நகை விற்கிறேன் அக்கா. ஃப்ரேமை மொத்தக் கடையில் வார்ப்பாக வாங்குகிறேன். கல் வைப்பது, முத்து கோர்ப்பது, கொக்கி மாட்டுவது எல்லாம் நானும் தங்கையும் கையால்தான். “கையால் செய்த பாரம்பரிய நாகர்கோவில் கோவில் நகை, ரூபி கல் ஜிமிக்கி” என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை தங்கச்சி. உங்கள் உழைப்பு உண்மையானது, ஆனால் அந்தத் தலைப்பு நீங்கள் செய்யாத வேலையையும் உங்கள் கணக்கில் சேர்க்கிறது.

உங்கள் தெருவிலேயே பழைய முறையில் செய்கிறவர்கள் இருப்பார்கள், ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளியில் கூடு கட்டி, அதற்குள் அரக்கு நிரப்பி, கல்லை ஒவ்வொன்றாக அமர்த்தி, மெல்லிய பொன் தகட்டைக் கல்லின் ஓரத்தில் அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். இதழ் எவ்வளவு வளைய வேண்டும், கூடு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை ஒவ்வொரு உருப்படியிலும் அந்தக் கைதான் முடிவு செய்கிறது.

வார்ப்பு அப்படியில்லை. ஒரு மாதிரியை வைத்து ரப்பர் மோல்டு எடுக்கிறார்கள். அதில் மெழுகைச் செலுத்தி ஒரே மாதிரி உருக்களை எடுத்து, மரக்கிளையில் காய் காய்த்ததுபோல ஒட்டி, பிளாஸ்டரில் புதைத்துச் சூடாக்குகிறார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் போய் நிற்கிறது. வடிவத்தைத் தீர்மானித்தது முதல் மாதிரியைச் செய்தவர். அதற்கப்புறம் வந்ததெல்லாம் நகல். அதில் நீங்கள் செய்வது கல் வேலையும் கோர்ப்பும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். பல வருடம் முன்பு ஒரு வியாபாரி ‘முழுக்கக் கைவேலை’ என்று சொல்லித் தந்த ஜிமிக்கிகளை அந்த வார்த்தையை நம்பி அப்படியே எழுதி விற்றேன். ஒரு அம்மா தனக்கு ஒரு ஜோடி, அக்காவுக்கு ஒரு ஜோடி வாங்கினார். நான்கையும் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். நான்கிலும் மூன்றாவது இதழுக்குக் கீழே, அதே இடத்தில், கடுகளவு ஒரு குழி. தனித்தனியாகக் கையால் செய்த நான்கு உருப்படிகளில் ஒரே பிசகு ஒரே இடத்தில் வராது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த நகையானாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

நீங்களும் ஒரே டிசைனில் மூன்று உருப்படிகளை வரிசையாகக் கவிழ்த்து வையுங்கள். எல்லாவற்றிலும் ஒரே குழியும் ஒரே கோணலும் இருந்தால், ஓரத்தில் மோல்டின் இரண்டு பாதி சேர்ந்த கோடு மெலிதாகத் தெரிந்தால், அது வார்ப்பு. முன்பக்கம் மேடாக இருக்கும் இடமெல்லாம் பின்பக்கம் அதே அளவு பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் டையில் அடித்த தகடு. பற்றவைத்த இடங்கள் கண்ணுக்குத் தெரிந்து, கூடுகள் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமாக இருந்தால் கையால் கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முலாம் கனமாகப் பூசியிருந்தால் இதெல்லாம் மறைந்துவிடும். அப்போது செய்தவரிடமே கேட்பதைத் தவிர வழியில்லை.

உங்கள் தலைப்பில் இன்னும் இரண்டு பிசகு இருக்கிறது. கடையில் கெம்பு என்று கிடைப்பது பெரும்பாலும் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். ‘ரூபி’ என்றால் வாங்குபவர் மாணிக்கம் என்று எடுத்துக்கொள்வார். அப்புறம், நாகர்கோவில் கோவில் நகை புவிசார் குறியீடு பெற்ற பெயர். வடசேரியில் உட்கார்ந்து விற்கிறோம் என்பதால் மட்டும் எந்த வார்ப்புக்கும் அந்தப் பெயரைப் போட முடியாது. அது இந்த ஊரில் அந்த முறையில் செய்த நகைக்கு உரியது.

தலைப்பை இப்படி மாற்றலாம்: “கெம்புக்கல் ஜிமிக்கி, கோவில் நகை டிசைன், கையால் கல் பதித்தது”. விவரத்தில் இப்படி: “உடல் செம்பு வார்ப்பு, மேலே தங்க முலாம். வார்ப்பு வெளியில் வாங்கியது. சிவப்பு, பச்சைக் கற்கள் செயற்கைக் கெம்பு. கல் பதித்தது, முத்து கோர்த்தது, கொக்கி மாட்டியது எல்லாம் வடசேரியில் எங்கள் வீட்டில், கையால்.” உலோகம் செம்பா பித்தளையா என்று மொத்தக் கடையில் கேட்டு எழுதுங்கள். கல்லைப் பசை வைத்து ஒட்டினால் ‘பதித்தது’ என்று எழுதாமல் ‘கையால் ஒட்டியது’ என்றே எழுதுங்கள். பசை விட்டுக் கல் விழும்போது வாங்கியவர் அந்தச் சொல்லைத்தான் திரும்பப் படிப்பார்.

‘ஹேண்ட்மேட்’ போட முடியாவிட்டால் ‘ஹேண்ட்கிராஃப்டட்’ போடலாமா? அது கொஞ்சம் இளகிய வார்த்தை என்கிறார்கள். (தக்கலை)

விற்கிறவர்கள் மத்தியில்தான் அந்த வித்தியாசம். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்: யாரோ உட்கார்ந்து கையால் செய்திருக்கிறார். முதல் வார்த்தை உங்கள் பொருளுக்குப் பொருந்தவில்லை என்றால் இரண்டாவதும் பொருந்தாது.

அமெரிக்காவுக்கு நகை அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. நகைகளுக்கென்று வழிகாட்டி வைத்திருக்கிறது. மூலப்பொருளில் இருந்து வடிவம் கொடுப்பது, மெருகு, அலங்காரம் எல்லாமே கை உழைப்பாலும், கையால் கட்டுப்படுத்தும் முறையாலும் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு உருப்படியின் வடிவத்தையும் செய்பவர் மாற்றக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் ‘ஹேண்ட்மேட்’. தகடும் கம்பியும் மூலப்பொருளாக ஏற்கப்படும். ஏற்கெனவே நகைப் பாகமாக வடிவமெடுத்த ஃப்ரேம் ஏற்கப்படாது. வடசேரித் தங்கச்சிக்கு நான் சொன்ன கணக்கும் இதேதான்.

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்கு மட்டும் தனி இலக்கணம் எழுதி வைத்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன.

கைக்குட்டையில் எம்பிராய்டரி போட்டு, ஓரத்தில் லேஸ் தைத்து விற்கிறேன். என்னிடம் இருப்பது காலால் மிதிக்கும் தையல் மெஷின். இதைக் கைவேலை என்று சொல்லலாமா? (மார்த்தாண்டம்)

மெஷின் என்ற பெயர் இருப்பதால் மட்டும் கைவேலை இல்லை என்று ஆகிவிடாது. வளையத்தில் துணியை இறுக்கி, ஊசிக்கு அடியில் நீங்களே நகர்த்திப் பூ வரைகிறீர்கள் என்றால் ஒவ்வொரு இதழையும் நடத்துவது உங்கள் கைதான். “மிதி மெஷினில் கையால் ஓட்டிய எம்பிராய்டரி” என்று எழுதுங்கள். அது முழு உண்மை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. வெறும் ‘கை எம்பிராய்டரி’ என்று எழுதினால் ஊசியும் நூலும் மட்டும் பிடித்துத் தைத்ததாகப் படிப்பார்கள்.

கம்ப்யூட்டர் மெஷினில் கோப்பை ஏற்றிப் பட்டனை அழுத்தினால் கதை வேறு. துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் பெரும்பாலும் ஒரே நிறக் கீழ்நூல் ஓடும், வடிவத்தைச் சுற்றிக் கிழித்தெடுத்த தாங்குதாளின் மிச்சம் நிற்கும். கையால் தைத்ததில் முன்னால் என்ன நிறமோ அதுவே பின்னாலும் வரும், ஒரு பூவில் இருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவிப் போயிருக்கும், முடிச்சோ சொருகிய நுனியோ தெரியும்.

லேஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். மீட்டர் கணக்கில் கடையில் வாங்கியதா? அப்படியென்றால் ‘நாகர்கோவில் லேஸ்’ என்று எழுதாதீர்கள். இந்த ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கி வைத்த வேலை அது. திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. விரலகலம் பின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று பின்னியவர்களிடம் கேட்டால் அந்தப் பெயரை மெஷின் லேஸுக்குப் போட மனசு வராது. “ஓர லேஸ் மெஷினில் செய்தது, மிதி மெஷினில் தைத்து இணைத்தது” என்று போடுங்கள்.

கயிறு மோட்டார் ராட்டில் திரித்தது, மிதியடி சட்டத்தில் கையால் நெய்தது. என்ன எழுத? (ஈத்தாமொழி)

நீங்கள் சொன்னதையே எழுதுங்கள்: “கையால் நெய்த தென்னை நார் மிதியடி, கயிறு மோட்டார் ராட்டில் திரித்தது.” தலைப்புக்கு முதல் பாதி போதும், இரண்டாவது பாதி விவரத்தில் வரட்டும். அடியில் ரப்பர் மாதிரி பி.வி.சி. படலத்தில் நார் குத்தி நிற்கும் மிதியடிகளையும் சேர்த்து விற்றால், அவை ஃபேக்டரி மெஷினில் வருபவை. அவற்றைத் தனியாக ஏற்றுங்கள். ஒரே பக்கத்தில் ‘சைஸ் தேர்வு’ மாதிரி இரண்டையும் சேர்த்துவிட்டால் நெய்ததற்கு வந்த பாராட்டு மற்றதற்கும் போய் ஒட்டிக்கொள்ளும்.

விசைத்தறி வேட்டியைக் ‘கைத்தறி மாதிரி’ என்று போட்டால் தப்பா? (கோட்டாறு)

போடாதீர்கள். தேடுகிறவர் கண்ணில் ‘கைத்தறி’ மட்டும்தான் படும். அந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பதன் நோக்கமே அதுதான் என்று உங்களுக்கும் தெரியும். சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி வைத்த 1985-ஆம் வருடச் சட்டமும் இருக்கிறது, அந்த ரகங்களை விசைத்தறியில் நெய்வதே குற்றம். “பருத்தி வேட்டி, விசைத்தறி, இத்தனை இஞ்சு கரை” என்று எழுதினால் போதும்.

‘மெஷினில் செய்தது’ என்று போட்டால் யார் வாங்குவார்கள் அக்கா? (குளச்சல்)

மெஷின் பொருளைத் தேடியே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு 200 தாம்பூலப் பை கேட்கிறவருக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், சொன்ன தேதிக்கு வேண்டும். அவருக்கு நீங்கள் எழுத வேண்டியது அளவு, துணி, தையல் எத்தனை வரிசை, துவைத்தால் சாயம் போகுமா என்பது. அந்த விவரங்களுக்குள் ஒன்றாக ‘மெஷின் தையல்’ என்று வரட்டும். கைப்பிடியை மட்டும் கையால் பின்னியிருந்தால் அதைத் தனி வரியாக எழுதி, பின்னல் மட்டும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் போடுங்கள்.