புதிதாக யாருக்கும் வரவில்லை என்றால், தெருவில் இத்தனை பேருக்கு யானைக்கால் எப்படி?

கேள்வி: எங்கள் தெருவில் மட்டும் நாலு பேருக்கு யானைக்கால் இருக்கு டாக்டர். என் அம்மாவுக்கே 20 வருஷமா வீக்கம். ஆனா சுகாதாரத்துறைக்காரங்க "இப்பல்லாம் புதுசா யாருக்கும் வர்றதில்லை"ன்னு சொல்றாங்க. எதை நம்புறது? பேரப்பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இரண்டையும் நம்பலாம் அம்மா. ஓர் ஆண்டில் புதிதாக நோய் கண்டவர்களின் கணக்கு இன்சிடென்ஸ். இன்றைய தேதியில் அந்த நோயோடு இருக்கும் எல்லோருடைய கணக்கு பிரவலென்ஸ். உங்கள் கண்ணில் படுவது இரண்டாவது, அவர்கள் சொல்வது முதலாவது.

10,000 பேர் வாழும் ஓர் ஊரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 பேருக்குத்தான் கால் வீங்குகிறது. ஆனால் வீங்கிய கால் பழையபடி ஆவது அரிது. ஒவ்வொருவரும் 30 ஆண்டு அதோடு வாழ்ந்தால், எந்த நாளில் எண்ணினாலும் சுமார் 60 பேர் இருப்பார்கள். அதே ஊரில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்து 4 நாளில் சரியாகிறது என்றால், ஒரு நாளில் அதோடு இருப்பவர்கள் 11 பேர்தான். நோய் எத்தனை காலம் கூடவே இருக்கிறது என்பதுதான் கணக்கை இப்படிப் புரட்டிப்போடுகிறது.

புதிய வீக்கம் இன்றோடு அடியோடு நின்றாலும், 10 ஆண்டு கழித்து அந்த 60-ல் 40 பேர் இருப்பார்கள். நோயாளிகளின் ஆயுள் கூடினால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்; அது கெட்ட சேதி அல்ல.

கணக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் பதிவேட்டில்தான். 20 வருட வீக்கத்தோடு ஒருவர் இந்த ஆண்டுதான் முதல்முறையாக முகாமுக்கு வருகிறார். அவரைப் 'புதிய நோயாளி' என்று எழுதினால் நோய் திரும்பப் பரவுவதுபோலத் தெரியும். பதிவான தேதி முக்கியமில்லை, கால் எப்போது வீங்க ஆரம்பித்தது என்று கேட்டு எழுத வேண்டும். பரவல் நின்றுவிட்டதா என்று பார்க்க 6, 7 வயதுப் பிள்ளைகளின் விரலில் ரத்தம் எடுப்பதும் இதனால்தான். அந்த வயதில் தொற்று இருந்தால், அது கடந்த ஆறேழு ஆண்டுக்குள் வந்ததாகத்தான் இருக்க முடியும். பெரியவர்களின் காலைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

தொட்டால் ஒட்டாது. யானைக்காலை உண்டாக்குவது ஒரு நுண்புழு; சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு வழியாகத்தான் அது பரவும். பல ஆண்டு வீங்கிய கால் உள்ளவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் புழுக்குஞ்சுகளே இருப்பதில்லை. அம்மா அருகில் பிள்ளைகள் தாராளமாகப் படுக்கலாம்.

டிஇசி மாத்திரை புழுவுக்கானது, பழைய வீக்கத்தை அது வற்றவைக்காது. அம்மாவின் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துணியால் ஒற்றி எடுங்கள். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள். விரலிடுக்கு வெளுத்து அரித்தால் பூஞ்சைக் களிம்பு வேண்டும், அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழையும். கால் சிவந்து, சூடாகி, குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.