ஆர்.ஏ.சி. சீட்டில் இரண்டு பேர்

கேள்வி: இரவு ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது, முன்பின் தெரியாத இரண்டு பேர் மெல்லப் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று ஒரு சிறுகதை எழுதுகிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே ஒருவர் தன் மொத்தக் கதையையும் கொட்டிவிடுகிறார். இதை எப்படி மெதுவாக்குவது?

முதலில் இருவரையும் ஆர்.ஏ.சி.யில் உட்கார வையுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். ஸ்லீப்பர் கோச்சில் ஒரு சைடு லோயரை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் ஆர்.ஏ.சி. எதிரெதிராக இரண்டு சீட், முதுகுச் சாய்வுகளை மடித்து இறக்கினால் ஒரே படுக்கை. முழுப் படுக்கை கிடைத்தவர் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவார், அவருக்குப் பேச அவசியமே இல்லை. இந்த இருவருக்கோ, கால் நீட்ட வேண்டுமென்றால்கூட எதிராளியின் தயவு வேண்டும். ஆகவே கதையின் முதல் பகுதியில் கால்களும் பைகளும் பேசட்டும். ஒருவர் செருப்பைக் கழற்றிச் சம்மணம் போடுகிறார். மற்றவர் தன் பையைக் காலடியிலிருந்து மடிக்கு மாற்றிக்கொள்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஒரு பேரம் முடிந்துவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு சொல் கதையென்றால் முந்நூறு சொல் வரை வாய் திறக்காமல் ஓட்டலாம்.

எழும்பூரிலிருந்து மதுரை போகும் வண்டி, சைடு லோயர் எண் 31 என்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், இருபத்தெட்டு வயது இளைஞன் ஒருவன். விருத்தாசலம் அவுட்டரில் வண்டி நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று விளக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. "எதிர் வண்டிக்கு வழி விடுறான் போல" என்று ஒருவரைப் பேச வைக்கும் ஆசை வரும். விழுப்புரம் - திருச்சி இப்போது இரட்டைப் பாதை. விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார்.

அடுத்த தடை செல்போன். அது கையில் இருக்கும்வரை யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். அதற்காக "சார்ஜ் தீர்ந்துவிட்டது" என்று எழுதினால் ஆசிரியரின் கை தெரிந்துவிடும். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை கோச்சில் சார்ஜிங் பாயிண்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி ரயில்வே உத்தரவு உண்டு. இளைஞன் 11 சதவீதத்தை விடியற்காலை ஒரு போன் பேசுவதற்காகப் பத்திரப்படுத்துகிறான், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டி எங்கே என்று பார்க்க மட்டும் திரையை எழுப்புகிறான் என்றால் போதும். அந்த வெளிச்சம்தான் எதிரில் இருப்பவருக்கு வாய்ப்பு.

பேச்சு எப்படித் தொடங்கும்? தமிழில் அந்நியரிடம் முதல் வாக்கியத்தை எடுப்பதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. சாரா, அண்ணனா, தம்பியா, ஐயாவா? முடிவு செய்ய முடியாதபோது நாம் விளி இல்லாமல், பாதி வாக்கியத்தில் தப்பித்துவிடுகிறோம். "கொஞ்சம் அந்த ஷட்டர…" என்று கையைக் காட்டுவதோடு சரி. உங்கள் கதையில் முதல் ஐந்தாறு வசனங்களை இப்படி விளியே இல்லாமல் எழுதிப் பாருங்கள்:

"எத்தனை மணிக்குப் போகும்னு அதுல போட்டிருக்கா?"

"ஆறு பத்துன்னு காட்டுது. நின்னுட்டே இருந்தா ஏறிட்டே போகும்."

"ஏழு மணிக்குள்ள போயிட்டாத் தேவல."

ஏழு மணிக்கு என்ன என்று இளைஞன் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் உங்களுக்கு இப்போது நடக்கிற விபத்துதான் நடக்கும், அவர் கொட்டிவிடுவார். வாசகர் அந்த ஏழு மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். அடுத்த தடவை திரை எரியும்போது ஆறு முப்பத்தைந்து. அவர் கேட்காமலேயே இவன் சொல்கிறான். உறவு ஒரு படி ஏறுவது அங்கேதான்.

பிஸ்கட், புளியோதரை பகிர்வதை விட்டுவிடுங்கள். தெரியாதவர்கள் தருவதைச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வேயே எச்சரிக்கிறது. எவரும் சட்டென்று வாங்கிவிட மாட்டார். வேண்டுமானால் அவர் நீட்ட, இவன் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லட்டும். அந்த மறுப்பால் உங்களுக்கு இன்னொரு கால் மணி நேர மௌனம் கிடைக்கும்.

பலர் தவறவிடுவது சத்தத்தை. நின்ற வண்டியில் மனம்விட்டுப் பேசுவதாக எழுதுகிறார்கள். நின்ற வண்டியில் மின்விசிறிச் சத்தத்தை மீறி மேல் பெர்த்காரரின் குறட்டைகூடக் கேட்கும், அதாவது நீங்கள் பேசுவதும் எட்டுப் பேருக்குக் கேட்கும். அங்கே ரயிலைத் திட்டலாம், மணி கேட்கலாம், அவ்வளவுதான். வண்டி நகர்ந்து தடதடப்பு மூடிய பிறகுதான் சொந்த விஷயம் வாயில் வரும். ஆகவே ஒருமுறை நிறுத்தி, ஓடவிட்டு, மறுபடி நிறுத்துங்கள்.

வண்டி நகர்ந்ததும் பெரியவர் கேட்கிறார்: "தம்பிக்கு எந்த ஊரு?" நேராக "நீங்க" என்று சொல்லாமல் சுற்றிவளைத்த மரியாதை இது, வயதுக்கும் பொருந்துகிறது. "எங்க எறங்கணும்?" என்பது வேறு கேள்வி, அதில் ஆபத்தில்லை. "எந்த ஊரு" என்றால் அடுத்து எந்தத் தெரு, யார் வீடு என்று எங்கே போகும் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் இவன், "திருமங்கலம் பக்கம்" என்கிறான். அந்தப் 'பக்கம்' ஒரு கதவு. பெரியவர் "பக்கம்னா?" என்று தட்டாமல், "அங்கயெல்லாம் மழையா?" என்று கேட்டுவிட்டுச் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார். சாதியைக் கேட்கவில்லை என்று எங்கும் எழுதாதீர்கள். இவன் மடியில் இருந்த பை மறுபடி காலடிக்குப் போகட்டும். அதன் பிறகுதான், அதுவும் அரியலூர் தாண்டி, "ஏழு மணிக்கு என்னண்ணே?" முதல் 'அண்ணே' இங்கே விழுவதால் தனியாக எதையும் அழுத்திச் சொல்ல வேண்டாம்.

"உள்ள கொண்டு போயிருவாங்க. அதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துரணும்."

ஆஸ்பத்திரி, மனைவி, ஆபரேஷன் எல்லாம் அடுத்த நான்கு வரிக்குள் முடியட்டும். நோயின் பெயரே வேண்டாம்.

முடிவையும் ஆர்.ஏ.சி.யே தருகிறது. விழுப்புரத்தில் ஏற வேண்டியவர் வரவில்லை என்று டி.டி.ஆர். வருகிறார். வரிசைப்படி இளைஞனுக்கு 46, அப்பர் பெர்த். இவன் போய்விட்டால் 31 முழுவதும் பெரியவருக்கு. எழுந்து போவதுதான் அவருக்குச் செய்யும் உதவி, பேச்சும் அதோடு முடிந்தது. பெர்த்தை விட்டுக்கொடுக்கும் தியாகக் காட்சியெல்லாம் தேவையில்லை. "படுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

திண்டுக்கல்லில் வண்டி நிற்கும்போது முகம் கழுவ இறங்கி வருகிறான். 31-ல் முதுகுச் சாய்வு இரண்டும் இறக்கப்படாமல் அப்படியே நிமிர்ந்து நிற்கின்றன. அவர் தன் பக்கத்துச் சீட்டில் சம்மணம் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். எதிர் சீட் காலியாக இருக்கிறது. இவன் அதில் உட்கார்ந்து, திரையை எழுப்பி, "ஆறு அம்பது" என்கிறான்.