99 ரூபாய்க்கு லீட் ஆடிட்டர் ஆகலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் இறால், கணவாய் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கு வரத்து குறைவு, அந்த நேரத்தில் ஏதாவது படிக்கலாம் என்று தேடினேன். "2 மணி நேரத்தில் சர்டிஃபைடு ஹேசப் லீட் ஆடிட்டர் ஆகுங்கள்! வேலையில் இருப்போருக்கான லைவ் வெபினார். ரூ.4,999 மதிப்பு, இன்று மட்டும் ரூ.99. இன்னும் 7 இடங்களே!" என்று ஒரு பதிவுப் பக்கம் கண்ணில் பட்டது. கீழே விளக்கத்தில், "துறை நிபுணரிடம் நேரடியாகக் கற்று உங்கள் கேரியரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள்" என்று மட்டும் இருக்கிறது. பணம் கட்டலாமா சார்?

பதில்: அந்தத் தலைப்பை நம்பிக் கட்டாதீர்கள். அதில் சொல்லியிருப்பது 2 மணி நேரத்தில் நடக்கிற காரியம் இல்லை. உணவுப் பாதுகாப்பில் லீட் ஆடிட்டர் வகுப்பு என்றால் வழக்கமாக 5 நாள், ஏறக்குறைய 40 மணி நேரம், அதற்குப் பரீட்சையும் உண்டு. தவிர, ஹேசப் என்பது உணவில் வரக்கூடிய ஆபத்துகளை முன்பே கண்டறிந்து கட்டுப்படுத்தும் முறை. அதன் சான்று பொதுவாக ஓர் ஆலையின் முறைக்குத் தருவது. தனி ஆளுக்குக் கிடைப்பது பயிற்சிச் சான்றிதழ்தான், அதன் மதிப்பு எந்தப் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 2 மணி நேரம் உட்கார்ந்திருந்ததற்கு வருவது 'கலந்துகொண்டார்' என்ற தாள். அதை ஃபைலில் வைக்கலாம், தப்பில்லை. ஆடிட்டர் வந்து கேட்டால் அவ்வளவுதான் அது சொல்லும்.

உங்கள் கம்பெனிச் சரக்கு அமெரிக்கா போகிறதா என்று மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனால் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் கடலுணவு ஹேசப் விதிப்படி, ஹேசப் திட்டத்தை உருவாக்குபவரும் பதிவேடுகளைச் சரிபார்ப்பவரும் எஃப்.டி.ஏ. ஏற்ற பாடத்திட்டத்துக்கு இணையான பயிற்சி எடுத்திருக்க வேண்டும், இல்லை அதற்குச் சமமான வேலை அனுபவம் இருக்க வேண்டும். அந்தப் பாடம் 2, 3 நாள் வகுப்பாக நடக்கும். அப்படிப்பட்ட வகுப்பின் பெயர் இந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதி அனுப்பியதில் இல்லை.

அடுத்து விளக்கம். 'துறை நிபுணர்' யார், எந்த ஆலையில் என்ன வேலை பார்த்தார்? 'அடுத்த கட்டம்' என்றால் என்ன? இப்படி ஒரு வாக்கியத்தை இறால் கம்பெனிக்காரருக்கும் போடலாம், ஜவுளிக் கடை மேலாளருக்கும் போடலாம். தலைப்பு பெரிதாகவும் விளக்கம் வெறுமையாகவும் இருந்தால், அந்த 2 மணி நேரத்தில் பாதிக்கு மேல் அடுத்த வகுப்பை விற்பதிலேயே போகும். 99 ரூபாய் வெறும் நுழைவுக் கட்டணம். கடைசி அரை மணியில்தான் 15,000, 20,000 ரூபாய் கோர்ஸின் பெயர் வெளியே வரும், "இந்த வெபினாரில் இருப்பவர்களுக்கு மட்டும் பாதி விலை" என்ற பேச்சோடு. விற்பது குற்றமில்லை. ஆனால் அதைப் பதிவுப் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

'லைவ்' என்பதையும் கொஞ்சம் சோதியுங்கள். பதிவு செய்த வீடியோவையே தினமும் ஓட்டி, பக்கத்தில் சாட் ஓடுவதுபோல் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதே பக்கத்தை நாளைக்கு வேறு போனில் திறந்து பாருங்கள். நாளையும் 'இன்று மட்டும்' என்றும், அதே 7 இடங்கள் என்றும் காட்டினால், கவுன்ட்டவுன் கடிகாரம் புதிதாகத் தொடங்கினால், விஷயம் புரிந்துவிடும். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் டார்க் பேட்டர்ன் என்று பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும் கடைசித் திரையில் ஜி.எஸ்.டி., 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று ஏற்றுவதும் அதே பட்டியலில் உண்டு. (4,999 ரூபாய்க்கு யாராவது இதை எப்போதாவது வாங்கியிருப்பார்களா என்பது எனக்குத் தனிச் சந்தேகம்.)

நல்ல பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் வேலையையே வைத்து எழுதிப் பார்த்தேன்.

தலைப்பு: "கடலுணவு ஆலை சூப்பர்வைசர்களுக்கு: மெட்டல் டிடெக்டர் பதிவேட்டை ஆடிட்டுக்கு ஏற்றபடி எழுதுவது. 2 மணி நேர அறிமுக வகுப்பு, தமிழில்."

விளக்கம்: "ஃபெரஸ், நான்-ஃபெரஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டெஸ்ட் பீஸ்களை எந்த இடைவெளியில் ஓட்டுவது, ஒன்றை மெஷின் பிடிக்காவிட்டால் கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு போன பெட்டிகளை எப்படி நிறுத்திவைத்து மறுபடி ஓட்டுவது, அதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று மாதிரித் தாளில் நீங்களே நிரப்பிப் பார்ப்பீர்கள். ஹேசப் திட்டம் உருவாக்கும் பயிற்சி இது இல்லை. வகுப்பு நேரலை, கடைசி 30 நிமிடம் கேள்விக்கு. கலந்துகொண்டதற்கான சான்று மட்டும் தரப்படும். முடிவில் எங்கள் 3 நாள் கட்டண வகுப்பு பற்றி 5 நிமிடம் பேசுவோம். வரி உட்பட ரூ.99. வகுப்பு ரத்தானால் முழுப் பணமும் திரும்பும்."

இதற்குக் கூட்டம் குறைவாகத்தான் வரும். வருகிறவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று முதலிலேயே தெரியும். நீங்கள் பார்த்த பக்கத்தில் இந்த 'கிடைக்காது' பகுதியே இல்லை, கவனித்தீர்களா?

அப்புறமும் 99 ரூபாய்தானே, பார்க்கலாம் என்று தோன்றினால், முதலில் அந்தப் பக்கத்தில் உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரே கேள்வி அனுப்புங்கள்: "சான்றிதழ் எந்தப் பாடத்திட்டத்தின்படி, எத்தனை மணி நேரம் என்று அதில் அச்சாகுமா?" பதில் எழுத்தில் வரட்டும். போன் பண்ணிப் பேசுகிறேன் என்றால் விட்டுவிடுங்கள், அது விற்பனை அழைப்பு. யு.பி.ஐ.யில் கட்டும்போது திரையில் ஆட்டோபே என்றோ மேன்டேட் என்றோ வந்தால் பின்னைப் போடாதீர்கள். அது உங்கள் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கத் தரும் ஒப்புதல், ஒரு தடவைக் கட்டணத்துக்குத் தேவையே இல்லை. ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தால், யு.பி.ஐ. ஆப்பின் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம்.

பதிவுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் முக்கியம், தேதி தெரியும்படி. வெபினார் முடிந்த மறுநாள் தலைப்பை மாற்றிவிட்டால், சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பெரிய கோர்ஸில் சேர்ந்து ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லுங்கள், பல நேரம் அங்கேயே பணம் திரும்பிவிடும். இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நடத்தியவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.