விட்டுப்போன எஃப்.டி. வட்டி: டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போடுவது எப்படி?

கேள்வி: ஏற்காட்டில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2024-25-இல் சம்பளம் 7.5 லட்சம். ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டுவிட்டேன்; வரி ஒன்றும் வரவில்லை. சேலத்தில் ஒரு வங்கியில் போட்ட எஃப்.டி.யின் வட்டி 38,600 ரூபாயைக் காட்டாமல் விட்டது இப்போதுதான் தெரிந்தது. வங்கி டிடிஎஸ் பிடிக்கவில்லை. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அப்படியே விட்டுவிடலாமா? திருத்துவதென்றால் எதுவரை நேரம் இருக்கிறது? ரிட்டர்ன் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: விட்டுவிடாதீர்கள் மேடம். 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 139(5) பிரிவின்படி, போட்ட ரிட்டர்னில் விடுபட்டதையோ தவறையோ கண்டுபிடித்தால், மதிப்பீட்டு ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்வரை திருத்தலாம். 2024-25-இல் வந்த வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. அது 2026 மார்ச்சில் முடிகிறது. அதிகாரி அதற்கு முன்பே மதிப்பீட்டை முடித்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆனால் "உங்கள் ரிட்டர்ன் பரிசீலிக்கப்பட்டது" என்று மெயிலில் வரும் 143(1) அறிவிப்பு அந்த வகை மதிப்பீடு அல்ல. அது வந்திருந்தாலும் திருத்தலாம். இதற்குத் தாமதக் கட்டணமும் கிடையாது, ஏனென்றால் முதல் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருக்கிறீர்கள்.

12 லட்சம் என்ற கணக்கு 2025 ஏப்ரலிலிருந்து வரும் வருமானத்துக்குத்தான். நீங்கள் திருத்தப்போவது அதற்கு முந்தைய ஆண்டை. அந்த ஆண்டு புதிய வரி முறையில் 7 லட்சம் வரைதான் வரி இல்லை. டிடிஎஸ் பிடிக்காததும் வரி விலக்கு ஆகாது. அந்த ஆண்டு ஒரு வங்கியில் மொத்த வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி பிடிக்கும் (மூத்த குடிமக்களுக்கு 50,000). உங்களுடையது 1,400 ரூபாய் குறைவு, அதனால் பிடிக்கவில்லை. டிடிஎஸ் இல்லாததால், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்திலும் அது வராது. சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கிலும் வராமல் போகலாம். எஃப்.டி. தானாகப் புதுப்பிக்கப்படும்போது வட்டி அசலோடு சேர்ந்து புது எஃப்.டி. ஆகிவிடுகிறது. பலருக்கு இந்த வட்டிதான் கண்ணில் படாமல் நழுவுகிறது. ஆனால் வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது உட்கார்ந்திருக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் ரிட்டர்னில் சம்பளம் 7,50,000. நிலையான கழிவு 75,000 போக 6,75,000. சேமிப்புக் கணக்கு வட்டி 5,000 சேர்த்து 6,80,000. 19,000 ரூபாய் வரியும் 87ஏ தள்ளுபடியில் முழுக்கப் போய்விட்டது. இப்போது 38,600-ஐச் சேர்த்தால் 7,18,600 ஆகிறது. 7 லட்சம் வரையிலான வரி 20,000, அதற்கு மேலுள்ள 18,600-க்குப் பத்து சதவீதம் 1,860, ஆக 21,860. 7 லட்சத்தைத் தாண்டியதால் முழுத் தள்ளுபடி போய்விட்டது. ஆனால் இந்த இடத்தில் விளிம்பு நிவாரணம் ஒன்று உண்டு. 7 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினீர்களோ அதைவிட அதிகமாக வரி வாங்க மாட்டார்கள். நீங்கள் தாண்டியது 18,600; அதனால் வரி 18,600. நான்கு சதவீதக் கூடுதல் வரி 744 சேர்த்து 19,344 ரூபாய்.

இத்துடன் வட்டி. டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் முன்கூட்டிய வரி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கட்டாததற்கு 234பி பிரிவின்படி ஏப்ரல் 2025-லிருந்து மாதம் ஒரு சதவீதம் ஓடுகிறது. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. டிசம்பரில் கட்டினால் ஒன்பது மாதம், 19,300 மேல் 1,737 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி-யில் 976 ரூபாய். எல்லாம் சேர்ந்து 22,057. பத்தின் மடங்காக்கினால் 22,060. வந்த வட்டியில் பாதிக்கு மேல் போகிறதே என்று நெஞ்சு பதறும், எனக்கும் புரிகிறது. 7 லட்சக் கோட்டுக்குச் சற்று மேலே போகிறவர்களை அந்த ஆண்டு விதி இப்படித்தான் அடித்தது. ஆனாலும் இப்போது கட்டுவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி.

ஏன் மலிவு? டிசம்பர் 31-ஐத் தவறவிட்டால் மிஞ்சுவது ஐடிஆர்-யூ என்ற புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன். அதில் வரிக்கும் வட்டிக்கும் மேல் இன்னொரு 25 சதவீதம் தண்டம் மாதிரி கட்ட வேண்டும், அதுவும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஓராண்டுக்குள் போட்டால்தான். உங்கள் கணக்கில் 2026 ஏப்ரலில் போட்டால் வரியும் வட்டியும் 22,829, அதற்கு மேல் 5,707, மொத்தம் 28,536 வருகிறது. அதையும் செய்யாமல் துறையே கண்டுபிடித்தால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீத அபராதம் விதிக்க 270ஏ பிரிவு இடம் தருகிறது.

வேலையை வங்கியில் தொடங்குங்கள். 2024-25-க்கான வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். நெட் பேங்கிங்கில் கிடைக்கும், இல்லையென்றால் சேலம் கிளையிலேயே கேளுங்கள். அந்தத் தொகையை வரித்துறைத் தளத்தில் ஏஐஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். எஃப்.டி. வட்டி அங்கே `SFT-016` என்ற குறியோடு இருக்கும். ஒரே எஃப்.டி. இரண்டு முறை பதிவாகியிருந்தால் சான்றிதழில் உள்ளதை எடுத்துக்கொண்டு, தவறான பதிவுக்கு ஏஐஎஸ்ஸிலேயே கருத்து பதியுங்கள். அதே சமயம் வேறு வங்கி, அஞ்சலக வட்டி ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்றும் கீழே வரை பாருங்கள். ஒன்றைத் திருத்திவிட்டு ஒரு வாரம் கழித்து இன்னொன்றைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. கெடுவுக்குள் மறுபடியும் திருத்தலாம்தான், ஆனால் ஒரே முறையில் முடிப்பது நல்லது.

அடுத்து வரி. தளத்தில் `e-Pay Tax` வழியாகப் போய் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றும், வகை `Self-Assessment Tax (300)` என்றும் தேர்ந்தெடுங்கள். தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். நடப்பு ஆண்டு என்று நினைத்து 2026-27-ஐ அழுத்திவிட்டால் பணம் வேறு ஆண்டில் போய் விழும். உங்கள் ரிட்டர்னில் வரி கட்டவில்லை என்றே காட்டும். மதிப்பீட்டு ஆண்டைத் தளத்திலேயே திருத்தப் பணம் கட்டியதிலிருந்து 7 நாள்தான். அதன் பிறகு அதிகாரியிடம்தான் மனு கொடுக்க வேண்டும். பணம் கட்டியதும் சலான் ரசீதை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு, தேதி, ஐந்து இலக்கச் சலான் எண் மூன்றும் இருக்கும்.

பிறகு ரிட்டர்ன். திருத்திய ரிட்டர்ன் என்றால் விடுபட்ட வட்டியை மட்டும் எழுதி அனுப்புவது அல்ல. பழைய ரிட்டர்னின் இடத்தில் முழுதாகப் புதியது உட்காருகிறது. அதனால் சம்பளம், சேமிப்பு வட்டி எல்லாம் மறுபடி இருக்க வேண்டும். `e-File` மெனுவில் 2025-26-க்கு ஐடிஆர்-1 எடுத்து, தாக்கல் பிரிவு கேட்கும் இடத்தில் `139(5)`-ஐத் தேர்ந்தெடுங்கள். ஜூலையில் போட்ட ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் தேதியையும் கேட்கும். இதர வருமானத்தில் `Interest from Deposit` வகையின் கீழ் 38,600 போடுங்கள்; சேமிப்பு வட்டியோடு கலக்காதீர்கள். தளம் தானாக நிரப்பிய வட்டியும் நீங்கள் சேர்த்ததும் இரண்டு வரியாக நின்றால் ஒன்றை நீக்குங்கள், இல்லையென்றால் ஒரே வட்டிக்கு இருமுறை வரி வரும். விளிம்பு நிவாரணத்தைத் தளமே கணக்கிடும். வரி 18,600 என்று காட்டுகிறதா என்று மட்டும் சரிபார்த்து, சலான் விவரத்தை ஏற்றுங்கள். கடைசியில் கட்ட வேண்டியது பூஜ்ஜியம் என்று வர வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பதால் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் பெயரில் காபி, மிளகுத் தோட்டம் ஏதாவது உண்டா? விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 பொருந்தாது. ஐடிஆர்-2 போட வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் மற்ற வருமானத்தின் வரியைக் கணக்கிட அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள், அதனால் மேலே சொன்ன தொகையும் மாறும். காபியை விளைவித்து நீங்களே பதப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம். அப்போது ஐடிஆர்-2-உம் போதாது. அப்படி இருந்தால் வரி கட்டுவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

ரிட்டர்னை அனுப்பியதோடு வேலை முடியாது, சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி போதும், ஆனால் ஆதாரோடு இணைத்த மொபைல் எண் இப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும். சரிபார்ப்புக்கு 30 நாள் தருகிறார்கள். அதைத் தாண்டினால் சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். டிசம்பர் 28-இல் அனுப்பிவிட்டு பிப்ரவரியில் சரிபார்த்தால், கெடு தாண்டிய ரிட்டர்ன் ஆகிவிடும். மலையில் சிக்னல் சரியில்லை என்றால் சேலத்துக்கு வரும் நாளில் உட்கார்ந்து, வரி, ரிட்டர்ன், ஓடிபி மூன்றையும் ஒரே மூச்சில் முடியுங்கள். டிசம்பர் 20-க்குள் அந்த நாள் இருக்கட்டும். கடைசி இரண்டு மூன்று நாள் தளம் திணறும், அப்போது சலானில் தவறு நேர்ந்தால் திருத்தக்கூட அவகாசம் இருக்காது.